ஒரே படம், மூன்று அடுக்கு: அசையாத நிழற்படத்துக்கு மெல்லிய ஆழம் கொடுப்பது எப்படி

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் எடுத்த ஒரு படத்தை வைத்து இந்த வேலையை முழுதாகச் செய்து காட்டுகிறேன். கரையில் இழுத்துப் போட்ட மூன்று ஃபைபர் படகுகள், அவற்றுக்குப் பின்னால் கடலும் வானமும். படகுகளுக்கு இந்தப் பக்கம், கேமராவை ஒட்டி, ஒரு பெரியவர் நீல நைலான் வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருக்கிறார். வலைக் குவியல் படத்தின் கீழ் விளிம்பையும் தாண்டி வெளியே போகிறது.

இதிலிருந்து கிடைக்கப்போவது ஆறு விநாடி வீடியோ. கேமரா வலப்பக்கமாக மெல்ல நகர்வது போல இருக்கும். பெரியவர் இடப்பக்கம் கொஞ்சம் வேகமாக விலகுவார், படகுகள் அதைவிட மெதுவாக, கடல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே. இந்த வேக வித்தியாசத்தைத்தான் பாரலாக்ஸ் என்கிறோம். கண்ணுக்கு ஆழம் தெரிவது இதனால்தான்.

வெட்டுவதற்கு கிம்ப், அடுக்கி நகர்த்துவதற்கு பிளெண்டர். இரண்டும் இலவசம். வீடியோ எடிட்டரிலேயே அடுக்குகளைத் தள்ளினால் போதாதா என்றால், செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அங்கே நீங்களே ஊகிக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. 1920 பிக்சல் அகலமுள்ள நம் வீடியோவில் கடல் அடுக்கு ஆறு விநாடியில் மொத்தமே ஏழு பிக்சல்தான் நகரும். சில எடிட்டர்கள் நகர்வை முழு பிக்சலாகத் திருத்திக்கொள்ளும். அப்போது கடல் நகராமல் விநாடிக்கு ஒருமுறை குதிக்கும். பிளெண்டரில் கேமராவை மட்டும் நகர்த்தினால் போதும், மீதிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

எந்தப் படம் சரிவரும்

புதுச்சேரி ஒயிட் டவுன் வீதியில் மஞ்சள் சுவர் ஓரமாக எடுத்த படத்தைத்தான் பலரும் முதலில் கையில் எடுப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். அந்தச் சுவர் கேமராவின் தோளருகே தொடங்கி வீதியின் கடைசி வரை ஒரே பரப்பாக ஓடுகிறது. இங்கே கிட்டம், அங்கே தூரம் என்று கத்திரி வைக்க இடமே இல்லை. எங்கே வெட்டினாலும் அந்த இடத்தில் சுவர் விண்டு நகரும்.

நமக்கு வேண்டியது, பொருள்களுக்கு நடுவே வெறும் காற்று இருக்கிற படம். பெரியவரின் தலைக்கும் படகுக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. படகுக்கும் கடலுக்கும் நடுவிலும் இருக்கிறது. கிட்டத்தில் உள்ள பொருளைக் கீழ் விளிம்பு வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, அது தரையைத் தொடும் இடத்தில் பாதி நம் கண்ணுக்கே வராது.

படம் எடுக்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனித்தால் பாதி வேலை மிச்சம்: உட்கார்ந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் படத்தில் பாதிக்கு மணல்தான் இருக்கும். கேமரா பெரியவரின் கண் உயரத்துக்கு இறங்கினால் மணல் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். மணல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தலைவலி குறையும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நம் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் சூரியன் எதிரே இருக்கும், முடியின் ஓரமெல்லாம் வெள்ளையாக எரியும். அந்த வெள்ளை விளிம்பை வெட்டுவது கொடுமை. சாயங்காலம் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

இந்த வேலையில் நேரத்தை விழுங்குவது வெட்டுவது அல்ல, வெட்டிய பொருளுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையை நிரப்புவது. பெரியவரைத் தனியே எடுத்துவிட்டால் அவர் இருந்த இடத்தில் மணலும் படகும் வரைய வேண்டும். முழு ஆள் அளவுக்கு வரைய வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை போதும். அதன் அகலத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

பிளெண்டர் கேமராவின் சென்சார் அகலம் 36 மி.மீ., லென்ஸ் 50 மி.மீ. என்பது அதன் இயல்பான அமைப்பு. 36-ஐ 50-ஆல் வகுத்தால் 0.72. அதாவது கேமராவிலிருந்து 10 மீட்டரில் ஒரு பலகை நிறுத்தினால், ஃபிரேமை நிறைக்க அது 7.2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 40 மீட்டரில் நிறுத்தினால் 28.8 மீட்டர். நாம் கடலை 40-இலும், படகுகளை 10-இலும், பெரியவரை 4.8-இலும் வைக்கப்போகிறோம். பெரியவரின் பலகை அகலம் 3.456 மீட்டர் வரும். இவை உண்மையான கடற்கரை அளவுகள் அல்ல. கடல் எத்தனையோ கிலோமீட்டர் போகிறது, ஆனால் 40-ஐத் தாண்டினால் நகர்வில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேமரா நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 5 செ.மீ. நகரும். நம் படம் 4000 பிக்சல் அகலம். ஆக ஓர் அடுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு நகரும் அளவு:

```
நகர்வு = 0.05 × 4000 ÷ பலகை அகலம்

பெரியவர்: 200 ÷ 3.456 = 58 பிக்சல்
படகுகள்:  200 ÷ 7.2   = 28 பிக்சல்
கடல்:     200 ÷ 28.8  = 7 பிக்சல்
```

பெரியவருக்கும் படகுக்கும் வித்தியாசம் 30 பிக்சல். படகுக்கும் கடலுக்கும் 21. பெரியவரின் விளிம்பிலிருந்து உள்நோக்கி 30 பிக்சல் பட்டையை நிரப்பினால் போதும், அதற்கு மேல் எதுவும் திரையில் தெரியப்போவதில்லை. கைத்தவறுக்கு இடம் வைத்து நான் இரு மடங்கு, அறுபது பிக்சல் நிரப்புவேன். கேமராவை 5-க்குப் பதில் 20 செ.மீ. நகர்த்தினால் இதே பட்டை 120 பிக்சல் ஆகிவிடும். நகர்வு மென்மையாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை, நிரப்புகிற வேலையும் அதே விகிதத்தில் ஏறுகிறது.

கிம்ப்பில் வெட்டுதல்

முதலில் படத்தை 16:9 விகிதத்துக்குக் கத்தரித்துக்கொள்ளுங்கள். 4000×3000 படம் 4000×2250 ஆகும். பிறகு அதே அடுக்கை இரண்டு முறை நகலெடுத்து, மேலிருந்து கீழாக `near`, `mid`, `far` என்று பெயர் வையுங்கள். மூன்றிலும் இப்போது முழுப் படமும் இருக்கிறது.

`near` அடுக்கில் பெரியவரும் வலையும் மட்டும் நிற்க வேண்டும். அழிப்பானைத் தொடாதீர்கள். லேயர் மாஸ்க் போட்டு, வேண்டாததைக் கறுப்பால் மறையுங்கள், தப்பினால் வெள்ளையால் திரும்பக் கொண்டுவரலாம். தோள், முழங்கால் போன்ற தெளிவான கோடுகளுக்கு பாத் கருவியால் புள்ளி வைத்துப் போவது நல்லது. கோட்டைத் தேர்வாக மாற்றியதும் `Select > Shrink` கொடுத்து ஒரு பிக்சல் உள்ளே இழுங்கள், அப்புறம் `Select > Feather` ஒன்றரை பிக்சல். விளிம்பில் இருக்கும் பிக்சல் பாதி சட்டையின் நிறமும் பாதி பின்னணியின் நிறமுமாகக் கலந்திருக்கும். அதை விட்டுவைத்தால் பெரியவர் நகரும்போது அவரைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்றும் கூடவே நகரும்.

வலைக்கு இந்த முறை செல்லாது. குவியலின் ஓரத்தில் கண்ணிகளுக்கு நடுவே மணல் தெரிகிறது, ஒவ்வொரு கண்ணியாக வெட்ட ஆயுள் போதாது. அங்கே தாராளமாக விலகி, வலையோடு கொஞ்சம் மணலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, மாஸ்க்கின் ஓரத்தை 40 பிக்சல் மென்மையான தூரிகையால் கரைத்துவிடுங்கள். மணலுக்கு மேல் மணல் நகர்ந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. பெரியவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிழலையும் இதே போல அவரோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். நிழலைப் பின்னால் விட்டுவிட்டு ஆளை மட்டும் நகர்த்தினால் அவர் அந்தரத்தில் மிதப்பார்.

`mid` அடுக்கில் படகுகளும் மணலும். கடலையும் வானத்தையும் மாஸ்க்கால் மறைக்க வேண்டும். படகுக்கு அப்பால் மணல் போய் நீரைத் தொடும் இடம் ஒன்று இருக்கும். அங்கே கூரான வெட்டு வேண்டாம், ஈர மணலில் அறுபது பிக்சல் அகலத்துக்குக் கரையட்டும். இந்த அடுக்கில்தான் பெரியவர் இருந்த இடத்தை நிரப்ப வேண்டும். அதற்கு முன் மாஸ்க்கிலிருந்து படத்துக்குத் திரும்பிவிட்டீர்களா என்று பாருங்கள், குளோன் கருவி மாஸ்க்கின் மீது ஓடினால் எதுவும் சரியாக நடக்காது. விளிம்புக்கு அருகில் ஹீல் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். அது சுற்றுப்புற நிறத்தை இழுத்துக் கலப்பதால், பெரியவரின் வெள்ளைச் சட்டை மணலில் ஒரு கறையாக வழிந்து நிற்கும். குளோன் அப்படியே நகலெடுக்கும். படகின் பக்கவாட்டுக் கோடு அவருக்குப் பின்னால் போய் மறைகிறது என்றால், அந்தக் கோட்டை அறுபது பிக்சல் தூரம் நேராக உள்ளே நீட்டிவிடுங்கள், போதும்.

கடலூர்க் கரைப் படம் எதை எடுத்தாலும் ஒரு வில்லன் இருப்பான்: கயிறு. படகின் மூக்கிலிருந்து இறங்கி, மணலில் கேமராவுக்கு அருகே அடித்திருக்கும் முளை வரை வந்து நிற்கும். ஒரு நுனி படகு அடுக்கில், மறு நுனி பெரியவரின் ஆழத்தில். எந்த அடுக்கில் வைத்தாலும் ஒரு பக்கம் அறுந்து தெரியும். இந்தப் படத்தில் கயிறு பெரியவரின் முதுகுக்குப் பின்னால்தான் போகிறது. ஆகவே அதை மணலோடு `mid` அடுக்கிலேயே விட்டுவிட்டேன். பின்னால் மணலைச் சாய்க்கும்போது கயிறும் மணலோடு சேர்ந்து சாய்ந்துகொள்ளும். ஆளுக்கு முன்னால் குறுக்கே போகும் கயிறாக இருந்தால் குளோன் செய்து அழித்துவிடுவதே மேல்.

`far` அடுக்குக்கு மாஸ்க் கிடையாது, முழு ஃபிரேமும் நிரம்பியிருக்க வேண்டும். படகுகளின் மேல் விளிம்பை ஒட்டி ஐம்பது பிக்சல் அளவுக்குக் கடலை உள்ளே இழுங்கள், வெளிஎஞ்சினின் தண்டையும் துடுப்பு நுனியையும் அழியுங்கள். தொடுவானக் கோடு படகால் மறைந்திருந்தால் அதை நேராக நீட்டுங்கள். கடலையும் வானத்தையும் தனித்தனி அடுக்காகப் பிரிக்க ஆசை வரும். பிரித்தால் லாபம் ஒன்றுமில்லை, தொடுவானத்தில் ஒரு கீறல் விழும் அபாயம்தான் மிச்சம்.

மூன்றையும் தனித்தனியே பி.என்.ஜி.யாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒன்றைச் சேமிக்கும்போது மற்ற இரண்டின் கண் குறியையும் அணைத்துவிடுங்கள். அடுக்கை அதன் அளவுக்குக் கத்தரிக்கக் கூடாது. மூன்று கோப்பும் 4000×2250 ஆகவே இருந்தால்தான் பிளெண்டரில் தாமாகப் பொருந்தும்.

பிளெண்டரில் அடுக்குதல்

புதிய கோப்பில் கனசதுரத்தையும் விளக்கையும் நீக்குங்கள். கேமராவின் இடம் மூன்று அச்சிலும் 0, சுழற்சி எக்ஸ் அச்சில் 90, மற்றவை 0. இப்போது கேமரா உலகின் நடுப்புள்ளியில் நின்று ஒய் அச்சைப் பார்க்கிறது. கேமராவை நடுப்புள்ளியில் வைப்பதற்குக் காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

`Add > Image > Mesh Plane` வழியாக மூன்று படங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். பிளெண்டர் 4.2-க்கு முந்தைய பதிப்புகளில் இது `Import Images as Planes` என்ற ஆட்-ஆனாக இருக்கும், `Preferences`-இல் இயக்க வேண்டும். பக்கத்துப் பலகத்தில் உயரம் 16.2 என்று கொடுங்கள் (28.8-க்கு 16:9), ஷேடர் `Shadeless`, `Offset Planes` அணைந்திருக்கட்டும். வந்த பலகைகள் படுத்துக் கிடந்தால் எக்ஸ் சுழற்சியை 90 ஆக்குங்கள். மூன்றின் ஒய் இடத்தையும் 40 ஆக்குங்கள். கேமரா வழியாகப் பார்த்தால் ஃபிரேம் சரியாக நிறைந்திருக்கும்.

இனி நடுப்புள்ளியின் பலன். `Shift+C` அழுத்தினால் 3டி கர்சர் நடுப்புள்ளிக்குப் போகும், அதாவது கேமராவின் மேலேயே. பிவட்டை `3D Cursor` என்று மாற்றுங்கள். படகுப் பலகையைத் தேர்ந்தெடுத்து `S` அழுத்தி `0.25` கொடுங்கள். பலகை கேமராவை நோக்கி வந்து 10 மீட்டரில் நிற்கும், அதே நேரம் அகலமும் 7.2 ஆகச் சுருங்கும். கேமராவில் பார்த்தால் படத்தில் ஒரு இம்மி மாற்றமும் இருக்காது. பெரியவரின் பலகைக்கு `S` `0.12`. அது 4.8 மீட்டரில் வந்து நிற்கும். கேமராவை மையமாக வைத்துச் சுருக்கினால் பார்வை மாறாது, ஆழம் மட்டும் மாறும். இந்த ஒரு விதி கைவந்துவிட்டால் அடுக்குகளைக் கையால் நகர்த்திப் பொருத்தும் வேலை அடியோடு போய்விடும்.

நிறம் மங்கலாகத் தெரிந்தால் `Color Management`-இல் `View Transform` என்பதை `AgX`-இலிருந்து `Standard`-க்கு மாற்றுங்கள். வெட்டு விளிம்புகளில் மணல்மணலாகப் புள்ளிகள் தெரிந்தால் மெட்டீரியல் அமைப்பில் `Render Method` என்பது `Blended` ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

மணல்தான் காட்டிக்கொடுக்கும்

இந்த நிலையிலேயே கேமராவை நகர்த்திப் பார்த்தால் ஒரு குறை தெரியும். மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் பார்த்தவுடன் சொன்னார்: "அண்ணே, தாத்தா மணல்ல சறுக்குறாரு." பெரியவர் 4.8 மீட்டரில், அவர் உட்கார்ந்திருக்கும் மணலோ படகுகளோடு 10 மீட்டரில் செங்குத்தாக நிற்கிறது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தால் சறுக்கத்தான் செய்யும். சும்மா அடுக்கி நகர்த்திய வீடியோக்கள் செயற்கையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், தரை தரையாகக் கிடப்பதில்லை.

மணலைச் சாய்த்துவிட வேண்டும். படகுப் பலகையைத் தேர்ந்தெடுத்து `Tab` அழுத்தி எடிட் முறைக்குப் போங்கள், வலது கிளிக்கில் `Subdivide`, வெட்டு எண்ணிக்கை 30. இப்போது பலகை வலை போலக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கட்டம் குறைவாக இருந்தால் சாய்க்கும்போது மணலின் உருவம் நடுவில் இழுபடும். கடைசிக் கீழ் வரிசையின் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். `O` அழுத்தி `Proportional Editing`-ஐ இயக்கி, வடிவத்தை `Linear` ஆக்குங்கள். பிவட் கர்சரிலேயே இருக்கட்டும். `S` `0.5` கொடுத்துவிட்டு, கீழே இடது மூலையில் திறக்கும் பலகத்தில் `Proportional Size` 1.6 என்று மாற்றுங்கள்.

அந்த 1.6 எங்கிருந்து வந்தது? இந்தப் பலகையின் உயரம் 4.05 மீட்டர். என் படத்தில் படகுகளின் அடி மணலைத் தொடும் கோடு கீழிருந்து நாற்பது சதவீத உயரத்தில் இருக்கிறது. சாய்வு அந்தக் கோட்டோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் போனால் படகின் வயிறு உங்களை நோக்கி வளையும். உங்கள் படத்தில் கோடு எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மணலின் கீழ் விளிம்பு 5 மீட்டரிலும் படகடி 10 மீட்டரிலும் இருக்கும், நடுவே சாய்தளம். பெரியவரை 5-இல் வைக்காமல் 4.8-இல் வைத்ததும் இதற்காகத்தான். ஒரே தூரத்தில் இருந்தாலோ மணல் இன்னும் முன்னால் வந்தாலோ, வலைக் குவியல் மணலுக்குள் புதைந்துவிடும். கேமரா பார்வையில் படம் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். மாறியிருந்தால் பிவட் கர்சரில் இல்லை என்று பொருள்.

சறுக்கல் இன்னும் முழுதாகப் போயிருக்காது. பெரியவர் உட்கார்ந்திருக்கும் இடம் கீழ் விளிம்பிலிருந்து சற்று மேலே இருப்பதால், அங்கே மணல் ஏறக்குறைய 7 மீட்டரில்தான் இருக்கிறது. அந்த மிச்ச வித்தியாசத்தை, முன்பு நிழலோடு சேர்த்துக் கரைத்து எடுத்த மணல் பட்டை விழுங்கிக்கொள்ளும்.

நகர்வு

விநாடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 150. முதல் ஃபிரேமில் கேமராவின் எக்ஸ் இடத்தை −0.05 ஆக்கி, அதன் மேல் சுட்டியை வைத்து `I` அழுத்துங்கள். 150-இல் 0.05 கொடுத்து மறுபடியும் `I`. தொடக்கமும் முடிவும் தாமாகவே மெதுவாக அமையும். இந்தத் துண்டை வேறு காட்சிகளுக்கு நடுவே வெட்டிச் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து `T` அழுத்தி `Linear` ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் கேமரா பிரேக் போட்டது போல இருக்கும்.

கேமரா நகர்ந்ததும் ஓரங்களில் பலகை முடிந்து வெறுமை தெரியும். லென்ஸை 50-இலிருந்து 52.5 ஆக்கினால் ஐந்து சதவீதம் நெருங்கும், ஒவ்வொரு பக்கமும் படத்தில் 95 பிக்சல் ஒளிந்துகொள்ளும். நமக்கு அதிகபட்ச நகர்வு 58 தான், தாராளமாகப் போதும்.

பக்கவாட்டுக்குப் பதிலாகக் கேமராவை முன்னே செலுத்தலாமா என்று கேட்பார்கள். ஆள் நட்ட நடுவில் இருந்தால் அது இன்னும் எளிது, அவர் பெரிதாகிப் பின்னணியை மூடிக்கொண்டே போவார். ஆனால் அவர் ஓரமாக இருந்தால் வெளிப்பக்கம் மூடும், நடுவைப் பார்த்த பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் நன்றாக நிரப்பி வையுங்கள்.

ஆறு விநாடிக்கு மேல் நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கரையில் ஓர் அலை உடைந்து நுரைத்த நிலையில் நிற்கிறது. ஐந்தாறு விநாடி வரை கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், அப்புறம் அந்த அலை ஏன் விழவில்லை என்று பார்க்க ஆரம்பித்துவிடும்.

சரிபார்த்து வெளியே எடுத்தல்

வீடியோவாக ஓடவிட்டுப் பார்த்தால் குறைகள் மறைந்துகொள்ளும். முதல் ஃபிரேமுக்கும் கடைசி ஃபிரேமுக்கும் மாறி மாறித் தாவுங்கள், `Shift+←`, `Shift+→` அதற்குத்தான். முதலில் பெரியவரின் தோளைப் பாருங்கள். அங்கே இரண்டாவது தோள் ஒன்று பேயாகத் தெரிந்தால் `mid` அடுக்கில் நிரப்பிய பட்டை போதவில்லை. அப்புறம் அவர் உட்கார்ந்த இடம், பிறகு கயிறு. குறை தெரிந்தால் கிம்ப்பில் திருத்தி அதே பெயரில் சேமித்து, பிளெண்டரில் படத்தை `Reload` செய்தால் போதும், அடுக்கியது எதுவும் கலையாது.

1920×1080 அளவில் பி.என்.ஜி. வரிசையாக ரெண்டர் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு அந்தக் கோப்புறையில் நின்றபடி:

```
ffmpeg -framerate 25 -i %04d.png -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p padagu.mp4
```

`yuv420p` இல்லாவிட்டால் சில கைபேசிகளில் வீடியோ திறக்காது. நிற்காமல் சுழல வேண்டும் என்றால், 299-ஆவது ஃபிரேமில் கேமராவை மறுபடி −0.05-க்குக் கொண்டுவந்து கீஃபிரேம் வைத்து, ரெண்டரை 298-இல் நிறுத்துங்கள். 299-உம் முதல் ஃபிரேமும் ஒன்றே என்பதால் இரண்டையும் வைத்தால் சுழலும் இடத்தில் ஒரு சிறு தயக்கம் தெரியும்.